'200 ரூபாய் குறைச்சா பசங்க திரும்பி வருவாங்களா?' - ஒரு டியூஷன் டீச்சர் போட்ட ஏழு கணக்குகள்

ஜூன் மாதம் 64 பிள்ளைகள். டிசம்பர் அரையாண்டுத் தேர்வு முடிந்தபோது 45. ஆறே மாதங்களில் 19 பேர் நின்றுவிட்டார்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நெருக்கமாக இருக்கும் ஒரு பகுதியில், மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து 11 வருடங்களாக டியூஷன் சென்டர் நடத்துகிறார் அந்த டீச்சர். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, சமச்சீர் பாடத்திட்டம். ஆறு முதல் எட்டு வரை மாதம் 600 ரூபாய், ஒன்பதாம் வகுப்புக்கு 800, பத்தாம் வகுப்புக்கு 1,000. ஜூனில் மாதம் 48,800 ரூபாய் வந்தது. வாடகை, உதவிக்கு இருக்கும் மூன்று பெண்களின் சம்பளம், கரன்ட், ஜெராக்ஸ், தண்ணீர் கேன் எல்லாம் போக 14,000 சொச்சம் கையில் நின்றது. டிசம்பரில் வரவு 34,000. ஓர் உதவியாளர் ஆகஸ்ட்டிலேயே நின்றுவிட்டதால் செலவு 30,000. ஒரு மாத உழைப்புக்கு டீச்சருக்கு மிஞ்சியது 4,000 ரூபாய்.

காரணம் என்ன என்பதில் டீச்சருக்குச் சந்தேகமே இல்லை. ஜூலையில் மெயின் ரோட்டில் புதிதாக ஒரு பெரிய கோச்சிங் சென்டர் திறந்தார்கள். ஏ.சி, ப்ரொஜெக்டர், கண்ணாடிக் கதவு. ''அவங்களோட போட்டி போட முடியுமா? ஃபீஸை 200 ரூபாய் குறைக்கறதுதான் ஒரே வழி'' என்று முடிவு செய்து, நோட்டீஸுக்கு வாசகம்கூட எழுதி வைத்துவிட்டார். வளையலை அடகு வைத்து ஓர் ஏ.சி வாங்கிப் போடலாமா என்ற யோசனையும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான், கோவையில் எம்.பி.ஏ படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்தாள். ''நோட்டீஸ் அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்மா'' என்று லாங் சைஸ் நோட்டு ஒன்றை எடுத்து, குறுக்கே ஏழு கட்டங்கள் போட்டாள்.

ஏன் ஏழு?

ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டுவர நான்கு விஷயங்களைத் தீர்மானிக்க வேண்டும் என்று அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி 1960-ல் எழுதினார். என்ன பொருள், என்ன விலை, எந்த இடத்தில், எப்படி விளம்பரம்? சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் இந்த நான்கு போதும். கடையில் எடுத்து, திருப்பிப் பார்த்து வாங்கலாம். ஆனால் முடி வெட்டுவது, வைத்தியம், டியூஷன் போன்றவற்றை முன்கூட்டியே கையில் எடுத்துப் பார்க்க முடியாது. அதனால் 1981-ல் பூம்ஸ், பிட்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மேலும் மூன்றைச் சேர்த்தார்கள். சேவையைத் தரும் ஆட்கள், அது நடக்கும் முறை, கண்ணுக்குத் தெரியும் சான்று. மொத்தம் ஏழு.

எம்.பி.ஏ பாடத்தில் இந்த ஏழும் ஒரு பட்டியலாக இருக்கும். பட்டியலை நிரப்பிவிட்டால் மார்க் கிடைத்துவிடும். அம்மாவின் சென்டருக்கு அது போதாது என்பது மகளுக்குப் புரிந்தது. ''நீங்க நினைக்கறதை இந்தக் கட்டத்துல எழுத வேண்டாம்மா. நின்னுபோன 19 பேர் வீட்டுல என்ன சொல்றாங்களோ, அதை எழுதுவோம்'' என்றாள்.

'ஏன் நின்னீங்க?' என்று கேட்கக் கூடாது

முதல் மூன்று போன் அழைப்புகளில் ஒன்றும் தேறவில்லை. ''ஏனுங்க, பையனை நிறுத்திட்டீங்க?'' என்று டீச்சர் கேட்க, ''ஒண்ணும் இல்லீங்க டீச்சர், வீட்டுல கொஞ்சம் கஷ்டம்'' என்றே மூவரும் சொன்னார்கள். மரியாதைக்குச் சொல்லும் பதில் அது. 11 வருடங்களாகத் தெரிந்த டீச்சரிடம் குறையை முகத்துக்கு நேராக யார் சொல்வார்கள்?

மகள் கேள்வியை மாற்றினாள். ''பாப்பா இப்போ சாயங்காலம் எங்கே இருக்கு? எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருது? யாரு பார்த்துக்கறாங்க?'' இந்தக் கேள்விகளில் குற்றம்சாட்டும் தொனி இல்லை. அதனால் பதில்கள் தானாக வந்தன. நான்கு நாள்களில் 19 வீடுகளுக்கும் பேசி முடித்தபோது நோட்டில் இருந்த கணக்கு இது:

நான்கு குடும்பங்கள் வீடு மாறிவிட்டன, அல்லது தீபாவளிக்குச் சொந்த ஊருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டன. ஏழு பேர் நின்றதற்குக் காரணம், நேரம். நான்கு பேருக்கு, பிள்ளை என்ன படிக்கிறது என்றே தெரியவில்லை. மூன்று பேருக்கு ஃபீஸ் பாக்கி. கடைசியாக ஒரு பெண், தோழி சேர்ந்தாள் என்பதற்காக ஏ.சி சென்டருக்குப் போனவள்.

அந்தப் புது சென்டருக்குப் போனவர்கள் மொத்தமே 5 பேர்தான். அதோடு, அங்கே பத்தாம் வகுப்புக்கு மாதம் 1,500 ரூபாய். அதற்கு மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி வேறு. அதாவது, போனவர்கள் குறைந்த ஃபீஸைத் தேடிப் போகவில்லை. கூடுதலாகக் கொடுத்துப் போயிருக்கிறார்கள்.

பொருள்: டீச்சர் விற்றது ஒன்று, பெற்றோர் வாங்கியது வேறு

''நம்ம சென்டர்ல நாம என்னம்மா விக்கறோம்?'' என்று மகள் கேட்டபோது, ''கணக்கு, சயின்ஸ், இங்கிலீஷ்'' என்றார் டீச்சர் சட்டென்று.

நேரத்தைக் காரணமாகச் சொன்ன ஏழு வீடுகளும் வேறு பதிலைச் சொல்லின. அந்த ஏழு வீடுகளிலும் அப்பா, அம்மா இருவருமே பனியன் கம்பெனியில் வேலை செய்பவர்கள். ஒன்றரை ஷிஃப்ட் என்றால் காலை 8.30 முதல் இரவு 8.30 வரை. ஸ்கூல் விட்டு வரும் பிள்ளை, அதுவரை பூட்டிய வீட்டின் முன்னால் உட்கார்ந்திருக்க முடியாது. டியூஷன் என்பது அவர்களுக்குப் பாடம் மட்டுமல்ல. இரவு வரை பிள்ளை பத்திரமாக இருக்கும் ஓர் இடம், வீட்டுப்பாடம் முடிந்துவிடும் ஓர் இடம்.

ஜூன், ஜூலையில் சென்டர் 8.45 வரை இயங்கியது. கடைசி ஒன்றரை மணி நேரத்தைப் பார்த்துக்கொண்ட உதவியாளர் ஆகஸ்ட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை கிடைத்துப் போய்விட்டார். மாதம் 4,500 ரூபாய் மிச்சம் என்று, அவர் இடத்துக்கு வேறு ஆள் போடாமல் நேரத்தை 7.15-க்குக் குறைத்துவிட்டார் டீச்சர். பாடத்தில் ஒரு நிமிடம்கூட குறையவில்லை. கடைசி ஒன்றரை மணி நேரம் 'சும்மா உட்கார்ந்து படிக்கிற நேரம்'தானே என்பது அவர் எண்ணம்.

அந்தச் சும்மா உட்காரும் நேரத்துக்காகத்தான் ஏழு வீடுகள் பணம் கொடுத்துக்கொண்டிருந்தன. ஏழு பேரில் நான்கு பேர் சின்ன வகுப்பு, ஒருவர் ஒன்பதாம் வகுப்பு, இருவர் பத்தாம் வகுப்பு. அவர்கள் ஃபீஸைக் கூட்டினால் 5,200 ரூபாய். 4,500-ஐ மிச்சம் பிடிக்கப்போய் 5,200 கை நழுவியிருந்தது.

பாடம் என்ற பொருளிலும் ஓர் ஓட்டை இருந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கை எல்லோருக்கும் ஒரே மாதிரி, முதல் பாடத்தில் இருந்து வரிசையாக நடத்திக்கொண்டிருந்தார் டீச்சர். அந்த வினாத்தாளில் ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு 14, இரண்டு மதிப்பெண் கேள்விகளுக்கு 20, ஐந்து மதிப்பெண் கேள்விகளுக்கு 50, செய்முறை வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16. பாஸ் மார்க் 35. அரையாண்டில் 22 மார்க் எடுத்த பையனுக்குத் தேவை வரிசைப் பாடம் அல்ல. அந்த 16 மார்க்கையும் ஒரு மதிப்பெண் கேள்விகளையும் கைப்பழக்கமாக்கும் பயிற்சி. 85 எடுக்கும் பெண்ணுக்குத் தேவை, ஐந்து மதிப்பெண் கணக்குகளில் படிகளை விடாமல் எழுதும் பயிற்சி. ஒரே அறையில் இரண்டு விதமான தேவைகள் இருந்தன. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அவர்களைப் பிரித்து உட்கார வைப்பது என்று முடிவானது. இதற்குத் தனிச் செலவே இல்லை.

விலை: எவ்வளவு என்பதைவிட எப்போது

200 ரூபாய் குறைக்கும் யோசனைக்கு மகள் ஒரு சின்னக் கணக்கு போட்டாள். இருக்கும் 45 பேருக்கும் 200 குறைத்தால், வரவில் 9,000 ரூபாய் போகும். 34,000 என்பது 25,000 ஆகிவிடும். செலவு 30,000. கையில் இருந்து 5,000 போட வேண்டும். இப்போது ஒரு பிள்ளைக்குச் சராசரியாக 755 ரூபாய் வருகிறது. குறைத்த பிறகு 555. போன 9,000-ஐத் திரும்பப் பிடிக்கவே புதிதாக 17 பேர் சேர வேண்டும். அதற்கும் பிறகுதான் இன்றைய நிலைமைக்கே வர முடியும்.

''அப்போ ஃபீஸ் சரியாத்தான் இருக்குங்கறியா கண்ணு?''

''தொகை சரிம்மா. தேதிதான் தப்பு.''

சென்டரில் ஃபீஸ் கட்ட வேண்டிய தேதி, மாதத்தின் 5. ஆனால் அந்தப் பகுதியில் பெரும்பாலான வீடுகளுக்குச் சம்பளம் மாதக்கணக்கில் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம். மளிகை, சீட்டு, வட்டி எல்லாம் அன்றைக்கே பிரிந்துவிடும். 5-ம் தேதி செவ்வாய்க்கிழமையில் வந்தால் மொத்தமாக 1,000 ரூபாய் எடுத்து வைக்க முடியாது. வருமானம் இல்லாத வீடுகள் அல்ல அவை. வருமானம் வரும் கிழமை வேறு.

பாக்கியால் நின்ற மூன்று வீடுகளிலும் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. உதவியாளர்களில் ஒருவர் வகுப்பில் எல்லோர் முன்னாலும், ''ஃபீஸ் கட்டாதவங்க எழுந்து நில்லுங்க'' என்று சொல்லியிருக்கிறார். ஒரு பெண் குழந்தை வீட்டில் போய், ''இனிமே போக மாட்டேன்'' என்று அழுதிருக்கிறது. அம்மா காரணம் சொல்லாமலேயே நிறுத்திவிட்டார். பாக்கி இருக்கும்போது எப்படி வந்து சண்டை போடுவது?

வேண்டுமென்பவர்களுக்கு மட்டும் வாரக் கட்டணம் என்று மாற்றினார்கள். பத்தாம் வகுப்புக்கு சனிக்கிழமை 250, ஒன்பதுக்கு 200, சின்ன வகுப்புகளுக்கு 150. ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில் ஐந்தாவது வாரத்துக்குக் கிடையாது. 17 வீடுகள் இதற்கு மாறின. ஆனால், இதில் வேலை அதிகம். மாதம் ஒருமுறை எழுதிய கணக்கை வாரம் ஒருமுறை எழுத வேண்டும். ஒரு வாரம் தவறினால் விடலாம். இரண்டு வாரம் தவறினால் பெற்றோருக்கு டீச்சரே போன் செய்ய வேண்டும். பிள்ளையிடம் ஃபீஸ் பற்றிய ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்பது உதவியாளர்களுக்குப் போடப்பட்ட முதல் விதி.

இடம்: மாற்ற வேண்டியது எதுவுமில்லை

சந்துக்குள் மாடியில் இருப்பதை ஒரு குறையாகவே டீச்சர் நினைத்திருந்தார். நோட்டில் அது பலமாக வந்தது. பள்ளிக்கூடத்தில் இருந்து ரோட்டைக் கடக்காமல் நடந்தே வந்துவிடலாம். மெயின் ரோட்டு சென்டருக்குப் போக வேண்டுமென்றால் பஸ்ஸும் லாரியும் போகும் சாலையைக் கடக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளையை அங்கே தனியாக அனுப்ப எந்த வீடும் தயாராக இல்லை. சந்து முனையில் இரவில் வெளிச்சம் இல்லை என்ற ஒரு குறை மட்டும் வந்தது. மாடிப்படி வாசலில் ஒரு எல்.இ.டி பல்பு போட்டதும் அது தீர்ந்தது.

விளம்பரம்: '100% தேர்ச்சி'யை இறக்கிய கதை

சென்டர் வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன்பு நல்ல மார்க் எடுத்த ஆறு பேரின் போட்டோ, மேலே '100% தேர்ச்சி', கீழே 'தனிக் கவனம்'.

''எத்தனை பேருல நூறு சதவிகிதம்மா?'' என்று மகள் கேட்டாள். அந்த ஒரு வருடம் 12 பேர் எழுதி 12 பேரும் பாஸ். அதற்கு அடுத்த இரண்டு வருடங்களிலும் ஓரிருவர் தவறியிருந்தார்கள். ஃப்ளெக்ஸ் மட்டும் மாறவில்லை. 'தனிக் கவனம்' என்பதோ, 20 பேருக்கு மேல் ஒரே அறையில் உட்காரும் இடத்தில் காப்பாற்ற முடியாத வார்த்தை.

பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மாணவரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அவருடைய பெயரையோ போட்டோவையோ விளம்பரத்தில் போடக் கூடாது, அந்தச் சம்மதத்தையும் அவர் தேர்வில் வெற்றி பெற்ற பிறகுதான் வாங்க வேண்டும் என்கிறது அது. ஃப்ளெக்ஸில் இருந்த ஆறு பேரிடமும் யாரும் கேட்டிருக்கவில்லை.

ஃப்ளெக்ஸ் இறங்கியது. புதிதாக வைத்த பலகையில் வகுப்புகள், ஃபீஸ், வாரக் கட்டண வசதி, அதற்குக் கீழே பெரிய எழுத்தில் ஒரே ஒரு வரி: 'மாலை 5 முதல் இரவு 8.45 வரை'. அந்தப் பகுதியின் பெற்றோருக்கு இதைவிடப் பெரிய விளம்பர வாசகம் கிடையாது.

ஆட்கள்: சட்டம் அனுமதிக்காத ஒரு யோசனை

8.45 வரை திறக்க வேண்டுமென்றால் ஆள் வேண்டும். அக்கம்பக்கத்தில் ஒருவர், ''அரசுப் பள்ளி கணக்கு வாத்தியாரை சாயங்காலம் வரச் சொல்லுங்க. அவர் பேரைப் போட்டாலே கூட்டம் வரும்'' என்று யோசனை சொன்னார். அது நடக்காது. ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவே சொல்கிறது.

அதே தெருவில் பி.எஸ்சி கணிதம் படித்துவிட்டு, குழந்தை பிறந்ததால் வேலைக்குப் போகாமல் இருந்த ஒரு பெண் கிடைத்தார். மாலை 6.45 முதல் 8.45 வரை, மாதம் 4,500 ரூபாய். கடைசி நேரத்தில் ஒரு பொறுப்பான ஆள் என்பதோடு, பத்தாம் வகுப்பைப் பிரித்து உட்கார வைக்கும் நாள்களில் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொள்ளவும் அவரால் முடிந்தது. 4,500-ஐ ஈடுகட்ட, சராசரி ஃபீஸில் 6 பிள்ளைகள் போதும். நேரத்துக்காக நின்றவர்களே 7 பேர்.

நடைமுறை: அந்த 11 நாள்கள்

19 போன் அழைப்புகளில் டீச்சரைத் தூங்கவிடாமல் செய்தது ஒன்றே ஒன்று. ஒன்பதாம் வகுப்புப் பையனின் அம்மா. செக்கிங் வேலைக்குப் போகிறவர்.

''ஃபீஸெல்லாம் பிரச்னை இல்லீங்க டீச்சர். சொன்ன தேதிக்குக் கட்டிட்டுத்தானே இருந்தேன்? அவன் 11 நாள் டியூஷனுக்கே வரலையாமே. கூடப் படிக்கிற பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த 11 நாளும் அவன் எங்கே இருந்தான், யார்கூட இருந்தான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க.''

டீச்சரால் பதில் சொல்ல முடியவில்லை. அட்டெண்டன்ஸ் நோட்டை எடுத்துப் பார்த்தார். 11 நாளும் அந்தப் பெயருக்கு நேராக ஒழுங்காக 'ஆ' போட்டிருந்தது. வரவில்லை என்பது சென்டருக்குத் தெரியும். வீட்டுக்குச் சொல்வது யாருடைய வேலை என்பதுதான் எங்கும் எழுதப்படவில்லை. மூன்று உதவியாளர்களும், இன்னொருவர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டார்கள்.

ஏழு கட்டங்களில் பெரும்பாலானோர் கண்ணில் படாதது இந்தக் கட்டம்தான். நல்ல டீச்சர், நியாயமான ஃபீஸ், பக்கத்திலேயே இடம் என்று எல்லாம் இருக்கலாம். சேர்ந்த நாளில் இருந்து ஒவ்வொரு நாளும் என்ன நடக்கும், யார் செய்வார், எத்தனை மணிக்கு என்பது எழுதப்படாவிட்டால், மற்ற ஆறும் வீண்.

மூன்று விஷயங்களைச் சுவரில் எழுதி ஒட்டினார்கள். முதலாவது, 5.20-க்கு அட்டெண்டன்ஸ். வராத பிள்ளையின் வீட்டுக்கு 5.30-க்குள் வாட்ஸ்அப் செய்தி. செய்தி அனுப்பியவர் நோட்டில் கையெழுத்து போட வேண்டும். இரண்டாவது, வெள்ளிக்கிழமை 20 மார்க் டெஸ்ட். மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாய்ஸ் மெசேஜ்.

முன்பு டெஸ்ட் நோட்டில் பெற்றோர் கையெழுத்து வாங்கி வரச் சொல்வார்கள். இரவு ஒன்பது மணிக்குக் களைத்து வரும் அம்மா அதைப் படித்துப் பார்ப்பதில்லை. சில பிள்ளைகள் கையெழுத்தைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். குரலை அப்படி ஏமாற்ற முடியாது. ''பாப்பா இந்த வாரம் இருபதுக்கு பதிமூணு. பின்னம் நல்லா வருது. தசமத்துல புள்ளி வைக்கறதுல தப்பு பண்றா. அடுத்த வாரம் அதை மறுபடி பார்ப்போம்'' - இவ்வளவுதான். 40 விநாடி. 45 வீடுகளுக்கும் சேர்த்து அரை மணி நேரம். சமைத்துக்கொண்டோ, பஸ்ஸில் போய்க்கொண்டோ கேட்டுக்கொள்ளலாம். ஆனால், 'நல்லா படிக்கிறா' என்று பொதுவாகச் சொன்னால் இரண்டாவது வாரமே யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு மார்க், சரியாக வரும் ஒரு விஷயம், தவறும் ஒரு விஷயம் - மூன்றும் இருந்தாக வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் சான்று: ஏ.சி-யா, தாழ்ப்பாளா?

ஏ.சி பற்றி 19 வீடுகளில் ஒரே ஒரு வீடு பேசியது. இரண்டு வீடுகள் பேசியது பாத்ரூம் கதவு பற்றி. தாழ்ப்பாள் உடைந்து கிடந்தது. பெரிய வகுப்புப் பெண்கள் ஒருத்தி உள்ளே போக, ஒருத்தி வெளியே காவல் நிற்பார்களாம். பிள்ளையைச் சேர்க்க வரும் அம்மாவுக்குப் பாடம் நடத்துவதைப் பார்க்கத் தெரியாது. கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்க்கத் தெரியும். அதைவைத்துத்தான், இங்கே பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர் முடிவு செய்கிறார். ஆளைக் கூப்பிட்டு மாற்ற ஆன செலவு 350 ரூபாய்.

மகள் காட்டிய இன்னொன்று, மாடிப்படி. கீழே இருக்கும் யூனிட்காரர் கட்டிங் வேஸ்ட் மூட்டைகளைப் படியின் திருப்பத்தில் அடுக்கி வைத்திருந்தார். மாடிக்கு ஏறி இறங்க அந்த ஒரு படிதான். துணிக்கழிவில் ஒரு பொறி விழுந்தால், மேலே இருக்கும் பிள்ளைகளுக்கு வழியே கிடையாது. 2019 மே 24 அன்று சூரத்தில் ஒரு வணிக வளாகத்தின் மேல்மாடியில் இயங்கிய பயிற்சி மையத்தில் தீப்பிடித்து 22 பேர் இறந்தார்கள். கீழே இறங்க வழியில்லாமல் மாணவர்கள் மாடியில் இருந்து குதித்த காட்சிகளை நாடே பார்த்தது. கட்டட உரிமையாளரிடம் பேசி, இரண்டே நாளில் மூட்டைகளை அகற்றவைத்தார் டீச்சர். ஒரு தீயணைப்பான் வாங்கி மாட்டினார். வளையல் பெட்டியிலேயே இருந்தது.

என்ன ஆனது?

ஜனவரியில் எல்லாம் அமலுக்கு வந்தது. பிப்ரவரி கடைசியில் நோட்டைப் பார்த்தால், நேரத்துக்காக நின்ற ஏழு பேரில் நான்கு பேர் திரும்பியிருந்தார்கள். பாக்கியால் நின்ற மூவரில் இருவர். எதுவும் தெரியவில்லை என்று நின்ற நால்வரில் ஒருவர். பலகையைப் பார்த்துப் புதிதாக மூன்று பேர். இடையில் ஒருவர் நின்றார். மொத்தம் 54. புது உதவியாளரின் சம்பளமும் போக, டீச்சர் கையில் 6,000 ரூபாய் சொச்சம் நிற்கிறது. ஜூன் மாத நிலைக்கு இது இன்னும் பாதிகூட இல்லை. படிப்பு வருடத்தின் நடுவில், அதுவும் பொதுத் தேர்வு நெருங்கும்போது, பெற்றோர் சென்டரை மாற்ற மாட்டார்கள். உண்மையான கணக்கு அடுத்த ஜூனில்தான் தெரியும்.

சிலர் வரவே மாட்டார்கள் என்பதும் தெளிவாகிவிட்டது. எட்டாம் வகுப்பிலேயே நீட் அடிப்படைப் பயிற்சி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்த சென்டரில் பதில் இல்லை. அவர்களைப் பிடிக்க ஓடவும் வேண்டாம் என்று அம்மாவும் மகளும் முடிவு செய்திருக்கிறார்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் திரும்பி வரவில்லை. அவன் அம்மா வேறு ஓர் இடத்தில் சேர்த்துவிட்டார். அவரைக் குறைசொல்ல டீச்சருக்கு மனம் வரவில்லை. ஆனால் பொங்கல் முடிந்து ஒரு மாலை, ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வரவில்லை என்று 5.30-க்குச் செய்தி போனது. 5.34-க்கு அவள் அம்மா கம்பெனியில் இருந்து கூப்பிட்டார். ஸ்கூலில் காய்ச்சல் என்று படுத்திருந்த பிள்ளையைப் பாட்டி அழைத்துப் போயிருந்தார். பயப்பட ஒன்றுமில்லை. போனை வைக்கும் முன் அந்த அம்மா கேட்டார்:

''டீச்சர், எங்க அண்ணன் பொண்ணையும் ஜூன்ல இங்கேயே போட்டுடட்டுமா?''